பிபனாச்சி வரிசையில் பக்கத்துப் பக்கத்து எண்களுக்குப் பொதுக் காரணி ஏன் வருவதில்லை?

வியாசர்பாடி டியூஷன்

வணக்கம். வியாசர்பாடியில் வீட்டு மாடியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசையைப் பலகையில் எழுதிப் போட்டேன்.

1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89, 144, 233, 377, 610 ...

பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி கிடையாது என்று சொல்லிவிட்டு, 8-13, 21-34, 34-55 என்று சில ஜோடிகளைக் காரணிப்படுத்தியும் காட்டினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும் விடவில்லை. "34-ல 17 புதுசா வந்திருக்கு மிஸ். அதுக்கு முன்னாடி எதுலயும் இல்ல. இதே மாதிரி போகப் போக ஏதாவது பெரிய காரணி ஒண்ணு புதுசா வந்து, பக்கத்துல இருக்கிற ரெண்டு நம்பர்லயும் சேர்ந்தே உட்காராதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானது. அவளுக்குப் புரிகிற மாதிரி, சூத்திரம் எதுவும் இல்லாமல் எப்படிச் சொல்வது?

கொருக்குப்பேட்டை கோடர்

மிஸ், இதை கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம். இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன்.

```python
from math import gcd
a, b = 1, 1
for i in range(1000):
    if gcd(a, b) > 1:
        print(i, a, b)
    a, b = b, a + b
```

ஆயிரம் ஜோடி பார்த்தும் ஒன்றுகூட அச்சாகவில்லை. கடைசியில் வரும் எண்களுக்கு இருநூறு இலக்கத்துக்கு மேல். இவ்வளவு தூரம் வராத காரணி இனிமேல் வந்துவிடப் போகிறதா? அந்தப் பெண்ணிடம் இதையே ஓட்டிக் காட்டுங்கள், நம்பிவிடுவாள்.

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர்

தம்பி, ஓட்டிப் பார்த்தது நல்லது. ஆனால் அந்தப் பெண் கேட்டதற்கு அது பதில் இல்லை. "போகப் போக" என்றுதான் அவள் கேட்கிறாள். ஆயிரத்துக்கு அப்புறமும் போக வேண்டும் இல்லையா?

வேறொரு வரிசையைச் சொல்கிறேன். n^17+9 என்று எடுத்துக்கொள்ளுங்கள். n-க்கு 1, 2, 3 என்று வரிசையாகப் போட்டால் எண்கள் வரும். இதிலும் அடுத்தடுத்த இரண்டுக்குப் பொதுக் காரணி வராது. ஆயிரம் வரை பார்த்தாலும் வராது, கோடி வரை பார்த்தாலும் வராது. முதன்முதலில் வருவது

n = 8424432925592889329288197322308900672459420460792433

என்ற இடத்தில். அது 52 இலக்க எண். உங்கள் நிரலை அண்ட வயது முழுக்க ஓடவிட்டாலும் அந்த இடத்தை எட்டாது. ஆனாலும் அங்கே வருகிறது. அதனால் "இவ்வளவு தூரம் வரவில்லை" என்பதை வைத்து "இனி வராது" என்று சொல்ல முடியாது. பிபனாச்சியில் வராது என்பதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது, அது இதை விடச் சின்னது.

டியூஷன் மிஸ்ஸுக்கு: அந்தப் பெண் கேட்ட 17-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 34-க்குள் 17 எப்படி நுழைந்தது? 13-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 13, 21-ஐ வகுத்தால் மீதி 4. இரண்டிலும் 17 இல்லை. ஆனால் 13-ம் 4-ம் சேர்ந்தால் 17 ஆகிவிடுகிறது. இப்படித்தான் புதுக் காரணி ஒரு எண்ணுக்குள் வரும், அதை யாரும் தடுக்க முடியாது. சரி, அடுத்த எண் 55-லும் 17 வந்துவிடலாமா என்று கேட்போம். 55-லும் 34-லும் 17 இருந்தால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் 17 இருந்தாக வேண்டும். 55 − 34 = 21. 21-ல் 17 இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆக, 55-க்குள் நுழைய 17-க்கு வழியே கிடையாது.

இப்போது அவள் பயப்படுகிற பெரிய காரணி. அதற்குப் பெயர் தெரியாது, d என்று வைத்துக்கொள்வோம். 377, 610 இரண்டிலும் d இருக்கிறது என்று யாராவது சொன்னால் பின்பக்கமாக நடங்கள். 610 − 377 = 233, அதிலும் d இருக்க வேண்டும். 377 − 233 = 144, அதிலும். 233 − 144 = 89. அப்புறம் 55, 34, 21, 13, 8, 5, 3, 2, 1. வரிசை தன் பிறந்த இடத்துக்கே வந்துவிட்டது. d கடைசியில் 1-ஐ வகுக்க வேண்டும். 1-ஐ வகுக்கும் எண் 1 மட்டுமே.

610-ஐ எடுத்தது கைக்கு வசதியாக இருப்பதால்தான். எத்தனை இலக்கம் இருந்தாலும் இதே நடைதான், படிகள் மட்டும் கூடும்.

மாதவரம் பால்பண்ணை

எல்லோரும் பொதுக் காரணி இல்லை என்கிறீர்கள். 8-ம் 144-ம் இதே வரிசையில்தான் இருக்கின்றன. 144 என்பது 8 × 18. அப்போ 8 பொதுவாகத்தானே இருக்கிறது? 21-ம் 8-ம் பகா எண்ணே இல்லையே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வியாசர்பாடி டியூஷன்

அண்ணே, கேள்வி பக்கத்து எண்களைப் பற்றித்தான். 8-க்குப் பக்கத்தில் 5-ம் 13-ம் இருக்கின்றன, 144-க்குப் பக்கத்தில் 89-ம் 233-ம். ஒவ்வொரு எண்ணும் பகா எண்ணாக இருக்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. 21-க்கு 3, 7 என்று காரணிகள் இருக்கின்றன, 34-க்கு 2, 17. இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர் வரக்கூடாது, அவ்வளவுதான்.

டீச்சர், கழித்துக்கொண்டே பின்னால் போவது அருமையாக இருக்கிறது. நாளைக்கே சொல்லிவிடுகிறேன்.

ராயபுரம் ரவி

எனக்குத் தெரிந்தவரை இதற்கு இன்னும் எளிய காரணம் இருக்கிறது. ஒற்றை, ஒற்றை, இரட்டை, ஒற்றை, ஒற்றை, இரட்டை என்றுதான் இந்த வரிசை ஓடும். இரட்டை எண் மூன்றுக்கு ஒரு முறைதான் வரும், அதனால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இரட்டை வராது. 3-க்கும் அப்படியே. 3, 21, 144 என்று நான்குக்கு ஒரு முறை வருகிறது. 5 என்றால் ஐந்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு காரணிக்கும் தன் முறை வரும் வரை இடைவெளி இருக்கிறது, அதனால் ஒட்டி வராது.

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர்

ரவி, நீங்கள் சொன்னது எல்லாமே உண்மை. 17 கூட ஒன்பதுக்கு ஒரு முறைதான் வரும். 34-க்கு அப்புறம் 2584, அதாவது 17 × 152. ஆனால் ஒவ்வொரு பகா எண்ணுக்கும் தனித்தனியாக இடைவெளியைப் பார்த்துக்கொண்டு போனால் வேலை முடியாது. பகா எண்களுக்கு முடிவில்லை. எல்லாவற்றுக்கும் இடைவெளி இருக்கிறது என்று ஒரே அடியாகச் சொல்ல என்ன ஆதாரம்?

உங்கள் வழியிலேயே அந்த ஆதாரம் கிடைக்கும். 7-ஐ எடுத்து, வரிசையில் ஒவ்வொன்றையும் 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள்.

1, 1, 2, 3, 5, 1, 6, 0, 6, 6, 5, 4, 2, 6, 1, 0, 1, 1 ...

மீதிகளும் அதே கூட்டல் விதிப்படிதான் போகும், 7-ஐ எட்டினாலோ தாண்டினாலோ 7-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். 0 வரும் இடத்தில் 7 வகுக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு 0 வந்தால் என்ன ஆகும்? முன்னால் போனால் 0 + 0 = 0, அதற்கப்புறம் எல்லாமே 0. பின்னால் போனாலும் 0 − 0 = 0, அதற்கு முன்னால் எல்லாமே 0. அப்படியென்றால் வரிசை 0-வில்தான் தொடங்கியிருக்க வேண்டும். நம் வரிசை 1-ல் தொடங்கியது. 7 இருந்த இடத்தில் எந்தப் பகா எண்ணை வைத்தாலும் இந்தப் பேச்சில் ஒரு சொல் மாறாது. எல்லாக் காரணிக்கும் இடைவெளி விழுவது இதனால்தான்.

எண்ணூர் லேத்

டீச்சர், நான் எண்ணூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கணக்கில் பெரிய படிப்பு இல்லை, ஆனால் நீங்கள் பேசுவது என் வேலையில் வந்த மாதிரி இருக்கிறது.

ஒரு கன்வேயர் கியர் செட் வேலைக்கு வந்தது. பினியனில் 20 பல், பெரிய கியரில் 35 பல். பினியனில் ஒரே ஒரு பல் முனை உடைந்திருந்தது. கழுவிப் பார்த்தால் பெரிய கியரில் ஐந்து பல்லுக்கு ஒரு பல் மட்டும் அடிபட்டுப் பளபளவென்று தேய்ந்திருக்கிறது, நடுவில் இருக்கும் நான்கும் சுத்தமாக இருக்கின்றன. எண்ணினேன், தேய்ந்தது மொத்தம் ஏழு பல். மெட்டீரியல் கோளாறு என்று கஸ்டமர் சொல்கிறார். எனக்கென்னவோ பல் எண்ணிக்கைதான் காரணம் என்று படுகிறது. இந்த வரிசையில் இருக்கிற 21-34 போட்டால் சரியாகிவிடுமா? கியருக்கு பிபனாச்சி எண்தான் போட வேண்டுமா?

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர்

அண்ணே, நீங்கள் எண்ணிப் பார்த்ததே பாதிக் கணக்கு.

பினியன் ஒரு சுற்று முடித்து வரும்போது பெரிய கியர் 20 பல் நகர்ந்திருக்கும். உடைந்த பல் முதலில் 0-ஆம் பல்லைத் தொட்டது என்றால் அடுத்து 20-ஐத் தொடும். அதற்கடுத்து 40, அதாவது 35 போக 5. அப்புறம் 25, 10, 30, 15, மறுபடியும் 0. ஏழு பல்தான், ஏழும் 5-இன் மடங்கு. 20-க்கும் 35-க்கும் 5 பொதுக் காரணி என்பதால் அந்த உடைந்த பல் மற்ற 28 பல்லையும் ஆயுளுக்கும் தொடாது. நீங்கள் பார்த்த பளபளப்பு அதுதான்.

21-34 போட்டால் பொதுக் காரணி கிடையாது. பினியனின் ஒவ்வொரு பல்லும் பெரிய கியரின் 34 பல்லையும் ஒவ்வொன்றாகத் தொட்டு முடித்த பிறகுதான் பழைய ஜோடி மறுபடி சேரும், பினியன் 34 சுற்று சுற்றிய பிறகு.

பிபனாச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இங்கே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. 20 + 35 = 55. நீங்கள் ஷாஃப்ட்டுகளின் தூரத்தை மாற்றாமல், அதே மாட்யூலில் போட வேண்டும் என்றால் கூட்டுத்தொகை 55-ஆகவே இருக்க வேண்டும், இல்லையா? இரண்டு எண்ணுக்குப் பொதுக் காரணி இருந்தால் அது கூட்டுத்தொகையிலும் இருக்கும். 55-ன் பகாக் காரணிகள் 5-ம் 11-ம் மட்டுமே. அதனால் கூட்டினால் 55 வரும் ஜோடிகளில் 5-இன் மடங்கையும் 11-இன் மடங்கையும் தவிர்த்தால் போதும், மற்ற எல்லா ஜோடியும் சரி. 21-34 சரி, 19-36-ம் சரி. வரிசைக்கு நாம் சொன்ன காரணத்தைத்தான் இங்கே முன்பக்கமாகப் பயன்படுத்துகிறோம்.

எண்ணூர் லேத்

ஆமாம் டீச்சர், சென்டர் தூரம் மாற்ற முடியாது, ஹவுசிங் வார்ப்பு. 20-35-க்கு விகிதம் 1.75, 21-34-க்கு 1.62, 19-36-க்கு 1.89. வேகம் கொஞ்சம் கூடவோ குறையவோ செய்யும். கஸ்டமரிடம் கேட்டுவிட்டுப் போடுகிறேன்.

திருவொற்றியூர் ஃபிட்டர்

எண்ணூர் அண்ணே, ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். பொதுக் காரணி இல்லாமல் போட்டால் நல்ல பற்களின் தேய்மானம் சமமாகப் பரவும், சரி. ஆனால் ஒரு பல் உடைந்துபோனால் அந்த உடைசல் 34 பல்லையும் அடிக்கும். உங்களிடம் வந்த கியரில் 28 பல் சுத்தமாக இருந்ததே, அது மிச்சம்தானே? உடைசல் சேதம் ஏழு பல்லோடு நிற்பதே நல்லது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி.

எண்ணூர் லேத்

ஏழு பல் போனாலும் கியரை மாற்றித்தானே ஆக வேண்டும் ஃபிட்டர்? மிச்சம் 28 பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சத்தம் மட்டும் முன்கூட்டியே கேட்கும் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

திருவொற்றியூர் ஃபிட்டர்

அந்தச் சத்தத்துக்காகத்தான் சொல்கிறேன். சீக்கிரம் காதில் விழுந்தால் பினியனோடு வேலை முடிந்துவிடும்.

கொருக்குப்பேட்டை கோடர்

டீச்சர் சொன்ன பிறகு ஒன்று தோன்றுகிறது. இது பிபனாச்சிக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. முந்தைய இரண்டை வைத்து அடுத்ததை உண்டாக்கும் எந்த விதிக்கும் பின்பக்கமாகப் போகலாம். தொடக்கத்தில் இருக்கும் இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை என்றால் எங்கேயும் வராது. சரிதானே?

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர்

தம்பி, பாதி சரி. தொடக்கம் முக்கியம் என்பது சரி. 6, 10 என்று தொடங்கினால் 16, 26, 42, 68 என்று எல்லாவற்றிலும் 2 இருக்கும். 2 மட்டுமே இருக்கும், அதற்கு மேல் எதுவும் பக்கத்து எண்களுக்குப் பொதுவாக வராது. தொடக்க ஜோடியின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அதுதான் கடைசி வரைக்கும் ஒவ்வொரு ஜோடிக்கும். கூடாது, குறையாது.

"எந்த விதிக்கும்" என்பதுதான் உதைக்கிறது. விதியை இப்படி மாற்றுங்கள்: முந்தையதோடு, அதற்கு முந்தையதின் இரண்டு மடங்கைக் கூட்ட வேண்டும். தொடக்கம் 1, 2.

2 + 2×1 = 4. 4 + 2×2 = 8. 8 + 2×4 = 16.

1-க்கும் 2-க்கும் பொதுக் காரணி இல்லை. 2-க்கும் 4-க்கும் வந்துவிட்டது. ஏன் தெரியுமா? பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள். 4 − 2 = 2, இது முந்தைய எண் 1 இல்லை, அதன் இரண்டு மடங்கு. 1-ஐப் பிடிக்க 2-ஆல் வகுக்க வேண்டியிருக்கிறது. வகுக்கும் அந்த இடத்தில் 2 என்ற காரணி நழுவிப் போய்விடுகிறது. பிபனாச்சியில் பின்னால் போக வெறும் கழித்தல் போதும், வகுத்தல் வேண்டாம். இந்த விஷயத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

முந்தையதை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் ஆக்குங்கள், அதற்கும் முந்தையதை மட்டும் ஒரு மடங்காக விட்டுவிட வேண்டும். 1, 2, 5, 12, 29, 70 என்று ஒரு வரிசை. முந்தையதின் இரண்டு மடங்கோடு அதற்கு முந்தையது ஒரு மடங்கு. இதில் எங்கேயும் வராது, பின்னால் நடந்து பாருங்கள்.

கொருக்குப்பேட்டை கோடர்

நிரலில் விதியை மாற்றி ஓட்டினேன். 1, 2-ல் தொடங்கினால் இரண்டாவது ஜோடியிலிருந்தே அச்சாகத் தொடங்கிவிட்டது. 1, 1-ல் தொடங்கினால் 1, 1, 3, 5, 11, 21, 43 என்று போகிறது, ஒன்றும் அச்சாகவில்லை. அங்கே எல்லாமே ஒற்றைப்படை, அதனால் 2 நுழைய இடமில்லை என்று நினைக்கிறேன்.

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர்

அதுவேதான். அந்த விதியில் நழுவக்கூடிய காரணி 2 மட்டும்தான், அதற்கும் அங்கே வாசல் அடைத்திருக்கிறது.

பெரம்பூர் டென்த் ஸ்டாண்டர்ட்

டீச்சர், எங்களுக்குப் பத்தாம் வகுப்பில் யூக்ளிட் வகுத்தல் வழிமுறை வருகிறது. 55-க்கும் 34-க்கும் மீ.பொ.கா. கண்டுபிடித்தால் 55 = 34 × 1 + 21, 34 = 21 × 1 + 13 என்று கடைசி வரியைத் தவிர ஈவு எல்லாம் 1-ஆகவே வருகிறது. நீங்கள் பின்னால் நடந்ததும் இதுவும் ஒன்றா? எனக்கு எட்டு வரி ஆனது. 54-க்கும் 34-க்கும் போட்டால் ஐந்தே வரியில் முடிகிறது, விடை 2.

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர்

ஒன்றேதான் கண்ணா. ஈவு 1 என்றால் வகுத்தலே ஒரு முறை கழித்தலாகிவிடுகிறது. ஈவு பெரிதாக இருந்தால் ஒரே தாவில் நிறைய இறங்கலாம், இங்கே ஒவ்வொரு படியிலும் குறைந்தபட்சம்தான் இறங்க முடிகிறது. அதனால்தான் யூக்ளிட் வழிமுறைக்கு அதிக வேலை வைப்பவை பிபனாச்சி ஜோடிகள். 1844-ல் லாமே என்ற பிரெஞ்சுக் கணிதர் இதை வைத்துத்தான், எந்த இரண்டு எண்ணுக்கும் படிகள் சின்ன எண்ணின் இலக்கங்களைப் போல ஐந்து மடங்கைத் தாண்டாது என்று நிறுவினார். 34-க்கு இரண்டு இலக்கம், உச்சம் பத்து வரி. உனக்கு எட்டு ஆகியிருக்கிறது. 89-க்கும் 55-க்கும் போட்டுப் பார், ஒன்பது ஆகும்.

வியாசர்பாடி டியூஷன்

இன்று வகுப்பில் சொல்லிவிட்டேன். 610-லிருந்து கழித்துக்கொண்டே வரச் சொன்னேன், 1 வந்ததும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். உடனே அடுத்த கேள்வி. ஒன்று விட்டு ஒன்று எடுத்தால்? இரண்டு விட்டு?

ஒன்று விட்டு ஒன்றை நாங்களே பார்த்துவிட்டோம். 13-க்கும் 34-க்கும் வித்தியாசம் நடுவில் இருக்கும் 21, அதனால் பொதுக் காரணி இருந்தால் 13-21 ஜோடிக்கும் இருக்க வேண்டும், அது கிடையாது. இரண்டு விட்டு எடுத்தால் 2-8, 8-34 என்று 2 வருகிறது, 5-21 போன்ற இடத்தில் வரவில்லை. 2-க்கு மேல் வருமா?

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர்

வராது. 34 = 2 × 13 + 8 என்று எழுதுங்கள். 34-லும் 8-லும் இருக்கும் காரணி 2 × 13-லும் இருக்க வேண்டும். 8-க்கும் 13-க்கும் பொது எதுவும் இல்லை என்று தெரியும், அதனால் மிச்சம் இருப்பது அந்த 2 மட்டும்.

மாதவரம் அண்ணன் கேட்ட 8-144-ம் இந்த வழியில் வந்ததுதான். 8 ஆறாவது எண், 144 பன்னிரண்டாவது. இடங்களின் மீ.பொ.கா. 6, ஆறாவது எண் 8, அதுவே இரண்டின் மீ.பொ.கா. இது எல்லா ஜோடிக்கும் பொருந்தும். பக்கத்து இடங்களின் மீ.பொ.கா. 1, முதல் எண் 1.

மாதவரம் பால்பண்ணை

அப்போ நான் கேட்டதிலும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. 21-க்கும் 144-க்கும் போட்டேன். எட்டாவது இடம், பன்னிரண்டாவது இடம். மீ.பொ.கா. 4. நான்காவது எண் 3. 21-க்கும் 144-க்கும் 3 சரியாக வருகிறது.

பெரம்பூர் டென்த் ஸ்டாண்டர்ட்

டீச்சர், ஒரு காரணி முதல் முறை வரும்போது ஒற்றையாகத்தான் வருகிறதா? 2 முதலில் 2-ல் வந்தது, ஒரு முறைதான். 3 முதலில் 3-ல். 7 முதலில் 21-ல், 49 இல்லை. 17 முதலில் 34-ல், 289 இல்லை. முதல் தடவையே வர்க்கமாக வரும் பகா எண் இருக்கிறதா?

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர்

கண்ணா, இது யாருக்கும் விடை தெரியாத கேள்வி. 1960-ல் வால் என்பவர் இதே பொருளில் கேட்டு வைத்தார். கம்ப்யூட்டரில் எவ்வளவோ தூரம் தேடியும் அப்படி ஒரு பகா எண் கிடைக்கவில்லை. கிடைக்கவே கிடைக்காது என்று யாரும் நிறுவவும் இல்லை. பின்னால் நடக்கிற நம் வழி இங்கே கைகொடுக்காது. ஒரு எண்ணுக்குள் காரணி எத்தனை முறை நுழைகிறது என்பதைப் பக்கத்து எண்களைக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது.

கொருக்குப்பேட்டை கோடர்

பத்து லட்சத்துக்குள் இருக்கிற பகா எண்களுக்கு நானும் தம்பியும் ஓட்டிப் பார்க்கலாமா டீச்சர்? முழு எண்ணையும் வைத்துக்கொண்டால் நிரல் ரொம்ப மெதுவாகிவிடும். மீதியை மட்டும் p × p-ஆல் வகுத்து வைத்துக்கொண்டு கூட்டிக்கொண்டே போனால் போதும் என்று தோன்றுகிறது. மீதி p-ஆல் வகுபடும் முதல் இடத்தில் நின்று, அது 0-வா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதானே?

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர்

அவ்வளவுதான். முதலில் 7-க்கு ஓட்டுங்கள். எட்டாவது இடத்தில் நின்று 21 என்று காட்டினால் நிரல் சரி.